முதல் விற்பனை வேலை, நாகர்கோவில் சோலார் கம்பெனி: சேருவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கருங்கல் பிசிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நாகர்கோவிலில் வீட்டு மாடியில் சோலார் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் 16,000, பெட்ரோலுக்கு 3,000. மாதம் 8 வீடு டார்கெட். ஆறு வீடாவது முடித்தால்தான் இன்சென்டிவ். ஆறைத் தொட்டுவிட்டால் முதல் வீட்டிலிருந்தே வீட்டுக்கு 2,000 கணக்காம். எட்டு முடித்தால் மாதம் 32,000 என்று எழுதியே காட்டினார்கள். ஏரியா கல்குளமும் விளவங்கோடும்.

"லீட் எல்லாம் கம்பெனியே கொடுத்துவிடும், நம் டீமில் எல்லோருமே டார்கெட் அடிக்கிறார்கள்" என்று மேனேஜர் சொன்னார். வரும் வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் விற்பனை வேலையில் இருந்ததில்லை. அப்பா வேண்டாம் என்கிறார், ஆனால் ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சரி என்று சொல்வதற்கு முன் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

வெட்டூர்ணிமடம் 90

வாழ்த்துகள் சகோதரி. நேர்காணலில் முதலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்பார்கள், பிறகு ஒரு பேனாவைக் கையில் கொடுத்து "இதை விற்றுக் காட்டு" என்பார்கள். பயப்படாதீர்கள். பேனாவைப் புகழாமல், எதிரில் இருப்பவர் எதற்குப் பேனா பயன்படுத்துகிறார் என்று முதலில் கேளுங்கள். பலம், பலவீனம் பற்றிய கேள்விக்கும் தயாராகப் போங்கள்.

கருங்கல் பிசிக்ஸ்

நன்றி அண்ணா. நேர்காணல் முடிந்துவிட்டது. அவர்கள் என்னிடம் கேட்பதை அல்ல, நான் அவர்களிடம் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறேன்.

பார்வதிபுரம் அண்ணாச்சி

மக்களே, நான் வீட்டு உபயோகப் பொருள் விற்பனையில் ஏரியா மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். நானே நிறையப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லீட் எங்கிருந்து வருகிறது, ஆட்கள் எத்தனை நாள் நிற்கிறார்கள், டார்கெட்டை எத்தனை பேர் அடிக்கிறார்கள் என்று இந்த மூன்றையும் கேட்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். தனித்தனியாகக் கேட்டால் மூன்றுக்குமே அழகான பதில் கிடைக்கும். சேர்த்துக் கேட்டால்தான் ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் லீட், அதாவது வாங்கக்கூடியவரின் நம்பர். "கம்பெனி தரும்" என்பது பதிலே இல்லை. மாதம் ஒருவருக்கு எத்தனை நம்பர் தருவார்கள், அவை எங்கிருந்து வருகின்றன, என்னிடம் வருவதற்கு முன்பே அந்த ஆளிடம் யாராவது பேசியிருக்கிறார்களா, இந்த மூன்றையும் கேள். ஃபேஸ்புக் விளம்பரத்தில் தெரியாமல் விரல் பட்டவனும் லீட்தான், பக்கத்து வீட்டு மாடியில் சோலாரைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கே வந்து விலை கேட்டவனும் லீட்தான். இரண்டும் ஒன்றா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் உத்தேசம், நீ அவர்கள் சொல்லும் எண்ணைப் போட்டுக்கொள். மாதம் 60 விளம்பர நம்பர் தருகிறார்கள் என்று வை. போனை எடுத்துப் பேசுகிறவர்கள் 35. அதில் வாடகை வீட்டுக்காரர்களையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் மிகக் குறைவாக உள்ளவர்களையும் கழித்தால் 20. நேரில் போய்ப் பார்க்க 15 பேர் சம்மதிப்பார்கள். அந்தப் பதினைந்தில் ஐந்து, மாடியில் நிழல், மின் இணைப்பில் பெயர்ச் சிக்கல் என்று போகும். பத்துப் பேருக்குக் கொட்டேஷன் கொடுத்தால் இரண்டு ஆர்டர் வரும்.

அப்படியானால் எட்டு வீடு முடிக்க 240 நம்பர் வேண்டும். 60 கொடுத்துவிட்டு 8 கேட்டால் மீதி ஆறு எங்கிருந்து வரும்? உன் சித்தப்பா வீடு, மாமா வீடு, உன் ஊர்க்காரர்கள், வளைகுடாவில் இருக்கும் உறவினர்கள். அதைத்தான் அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் அந்தச் சொந்தபந்தத்தில் ஓடும், நாலாவது மாதம் தீரும். அப்போது அந்தப் பையன் போவான், அடுத்த பையன் வருவான். ஆட்கள் நிற்காத இடத்தில் பெரும்பாலும் காரணம் இதுதான், பிள்ளைகளின் சோம்பேறித்தனம் அல்ல.

ராமன்புதூர் கோடர்

ஆட்கள் நிற்கிறார்களா என்று அவர்களிடம் கேட்கவே வேண்டாம், நாமே பார்க்கலாம். இபிஎஃப்ஓ இணையதளத்தில் Establishment Search என்று ஒரு பக்கம் இருக்கிறது. கம்பெனி பெயரைக் கொடுத்துத் தேடி, View Payment Details என்பதை அழுத்தினால் ஒவ்வொரு மாதமும் எத்தனை ஊழியருக்கு பிஎஃப் கட்டியிருக்கிறார்கள் என்று வரும். பன்னிரண்டு மாதமும் ஒரே எண்ணிக்கை இருந்தால் யாரும் ஓடவில்லை என்று அர்த்தம். வேலையில் சேருவதற்கு முன் நான் இதைத்தான் செய்தேன்.

திங்கள்சந்தை தோழி

அந்தப் பக்கம் நல்ல பக்கம்தான், ஆனால் முடிவு தவறு. ஐந்து பேர் போய் ஐந்து பேர் வந்தாலும் எண்ணிக்கை மாறாது. நான் இருந்த இடத்தில் அப்படித்தான். எப்போதும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம், முகங்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். சின்னக் கம்பெனி அந்தப் பட்டியலில் வராமலே போகலாம். சேல்ஸ் ஆட்களை ஏஜென்சி மூலம் எடுத்திருந்தால் அவர்கள் ஏஜென்சியின் கணக்கில் இருப்பார்கள், கம்பெனியின் கணக்கில் இருக்க மாட்டார்கள். கருங்கல் தங்கையே, உன் ஆஃபர் லெட்டரின் தலைப்பில் இருப்பது கம்பெனி பெயரா, வேறு ஏதாவது பெயரா என்று பார்.

ராமன்புதூர் கோடர்

போனவர் வந்தவர் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால் அது தெரியுமே. பிஎஃப் மாதாமாதம் தாமதமாகக் கட்டியிருந்தாலும் தேதியில் தெரியும். சம்பளமும் அப்படித்தான் வரும் என்று ஊகிக்கலாம். அதற்காகவாவது பார்க்கலாம்.

திங்கள்சந்தை தோழி

அதற்குப் பார்க்கலாம், சரிதான்.

பார்வதிபுரம் அண்ணாச்சி

ஆட்கள் விஷயத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். "நிறையப் பேர் வேலையை விட்டுப் போகிறார்களா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் இல்லை" என்றுதான் எவனும் சொல்வான். "போன வருடம் இதே மாதம் இந்த டீமில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் இன்றும் இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேள். இதற்கு எண்தான் சொல்ல வேண்டும். அடுத்து, "நான் உட்காரப் போகும் இடத்தில் இதற்கு முன் யார் இருந்தார், எத்தனை மாதம் இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார்?" அவர் பதவி உயர்ந்து போயிருந்தால் மேனேஜரே பெருமையாகச் சொல்வார். பேச்சை மாற்றினால் அதுவே பதில். இடம் புதிதாக உருவானது என்றால், அந்த ஏரியாவை அதுவரை யார் பார்த்தார், அவரிடமிருந்து எதைப் பிரித்துத் தருகிறார்கள் என்று கேள்.

டார்கெட்டும் இதோடு ஒட்டியதுதான். "எல்லோரும் அடிக்கிறார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அடிக்காதவர்கள் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் அடித்தவர்கள்தானே. ஆகவே போன வருடம் சேர்ந்தவர்களையும் சேர்த்து எண்ணச் சொல்.

சராசரியைக் கேட்டும் ஏமாறாதே. ஐந்து பேர், ஆளுக்கு 8 வீதம் 40 வீடு டார்கெட், டீம் 24 முடித்தது என்று வை. அறுபது சதவீதம், ஆளுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் கீழே என்று தோன்றும். ஆனால் மூத்தவர் ஒருவரே 13 முடித்திருப்பார், மற்றவர்கள் 3, 3, 3, 2. உன் கணக்கில் ஆறுக்குக் கீழே போனால் இன்சென்டிவ் ஒரு பைசா கிடையாது. அப்படியானால் ஐந்து பேரில் நான்கு பேர் வாங்குவது வெறும் 16,000. முதல் ஆளின் எண்ணை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் ஆளின் எண்ணைக் கேள். நீ சேர்ந்தால் இருக்கப் போவது அங்கேதான்.

குழித்துறை மெடிக்கல் ரெப்

இதைப் படிக்கும்போது என் பழைய வேலை ஞாபகம் வருகிறது. எங்களுக்கு லீட் என்றெல்லாம் கிடையாது, டாக்டர் லிஸ்ட்தான். ஒரு நாளைக்கு இத்தனை டாக்டர், இத்தனை மருந்துக்கடை, மாலையில் ரிப்போர்ட். டார்கெட் மாத்திரம் ஒவ்வொரு வருடமும் ஏறும். மாதக் கடைசி வந்தால் மேனேஜர், மருந்தை மொத்தமாக வாங்கி வைக்கும் ஸ்டாக்கிஸ்ட் கடையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதச் சரக்கை ஒரே பில்லில் தள்ளச் சொல்வார். அந்த மாதம் நாங்கள் எல்லோரும் டார்கெட் அடித்தவர்கள். அடுத்த மாதம் ஸ்டாக்கிஸ்ட் புதிதாக வாங்க மாட்டார். காலாவதி நெருங்கியதும் சரக்கு திரும்பி வரும், எங்கள் கணக்கில் கழியும். டிசம்பரில் வாங்கிய இன்சென்டிவை மார்ச்சில் பிடித்தார்கள். வீட்டில் இருந்த கடனுக்கு அந்தப் பணத்தை நம்பி வாக்குக் கொடுத்திருந்தேன். சோலாரில் இப்படி நடக்குமா என்று தெரியவில்லை, சும்மா சொன்னேன்.

பார்வதிபுரம் அண்ணாச்சி

தம்பி, நீங்கள் சொன்னது இந்த இழைக்கு மிகவும் வேண்டிய விஷயம். எது நடந்தால் "ஒரு வீடு முடிந்தது" என்று கணக்கு வைப்பார்கள்? இதை அந்தப் பிள்ளை கேட்டே ஆக வேண்டும்.

சோலாரில் வாடிக்கையாளர் முன்பணம் கொடுப்பது ஒரு நாள், பேனல் ஏற்றுவது ஒரு நாள், மின்வாரியம் வந்து நெட் மீட்டர் வைப்பது இன்னொரு நாள், மீதிப் பணம் வருவது அதற்கும் பிறகு. பிஎம் சூர்யகர் மானியம், அதாவது 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், எல்லாம் முடிந்த பிறகுதான் வாடிக்கையாளர் கணக்கில் விழும். சிலர் அந்த மானியம் வந்தால்தான் கடைசித் தவணை தருவேன் என்று சொல்வார்கள். மேனேஜர் "டார்கெட் அடித்தார்கள்" என்று சொல்வது முன்பண எண்ணாக இருந்து, இன்சென்டிவ் தருவது மீதிப் பணம் வசூலான பிறகு என்றால், ஏப்ரலில் பிடித்த ஆர்டருக்கு ஜூலையில் பணம் பார்க்கலாம். நடுவில் வேலையை விட்டால்? அந்தப் பணம் உனக்கு உண்டா, இல்லையா? ஆர்டர் ரத்தானால் முன்பு கொடுத்ததைப் பிடிப்பார்களா? மெடிக்கல் ரெப் தம்பிக்கு நடந்தது அதுதான்.

மார்த்தாண்டம் டீலர்

நான் சோலாரும் இன்வெர்ட்டரும் விற்கும் சின்ன டீலர். என்னிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். இங்கே எழுதுகிறவர்கள் முதலாளி என்றாலே ஏமாற்றுக்காரர் என்பது போல எழுதுகிறீர்கள். ஒரு விளம்பர நம்பர் எனக்கு எவ்வளவு செலவில் வருகிறது என்று யாருக்காவது தெரியுமா? 240 நம்பர் ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்தால், அவள் முதல் மாதத்தில் பாதியைக் கெடுத்துவிடுவாள். பழகும் வரை கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும். விற்பனை என்றால் கொஞ்சம் சொந்த முயற்சியும் வேண்டும். ஊருக்குள் போய் நான்கு பேரைப் பார்த்துப் பேசத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஏன் வர வேண்டும்?

அப்புறம், புதிதாகக் கிளை திறந்தவன் போன வருடக் கணக்கை எங்கிருந்து காட்டுவான்?

திங்கள்சந்தை தோழி

சொந்த முயற்சி வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அதை ஆஃபர் தரும்போதே சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. "கம்பெனி லீட் தரும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, முதல் நாளே நோட்டில் 100 பேர் பெயர் எழுதச் சொன்னால் அது வேறு. நான் இன்சூரன்ஸ் விற்கும் ஓரிடத்தில் அப்படித்தான் சேர்ந்தேன். என் அத்தை எனக்காக ஒரு பாலிசி எடுத்தார். அவரால் இரண்டாம் வருடம் கட்ட முடியவில்லை. கட்டிய பணமும் போனது. அத்தை இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மூன்று பேரும் எத்தனை நாளாக இருக்கிறார்கள்?

மார்த்தாண்டம் டீலர்

ஒருவர் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார். மற்ற இருவர் இந்த வருடம் சேர்ந்தவர்கள். முன்பு இருந்தவர்களில் ஒருவர் துபாய் போனார், ஒருவர் எதிர்க்கடையில் சேர்ந்தார். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. என்னிடம் அந்தப் பெண் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். கேட்பதில் தவறில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் சந்திப்பிலேயே போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்டால் நான் எடுக்க மாட்டேன். ஆஃபர் சொன்ன பிறகு கேட்கட்டும், உட்கார்ந்து பதில் சொல்வேன்.

அந்தத் தங்கைக்கு நானே ஒரு கேள்வி தருகிறேன், யாரும் சொல்லவில்லை. மாதவாரியாகக் கேள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. மழை மாதத்தில் மாடியில் வேலை நடக்காது, வாடிக்கையாளரும் "மழை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார். அந்த மாதங்களுக்கும் அதே எட்டா, குறைவா? எட்டுதான் என்றால், டார்கெட் போட்டவர் இந்த ஊர்க்காரர் இல்லை.

பார்வதிபுரம் அண்ணாச்சி

டீலர் தம்பி சொன்னது சரியான கேள்வி. நானே விட்டுவிட்டேன்.

மக்களே, முடிந்தால் இன்னொன்று செய். சேருவதற்கு முன் ஒரு நாள், அவர்களின் ஆளோடு ஏரியாவுக்குப் போய்ப் பார்க்க அனுமதி கேள். டீமிலேயே பெரிய ஆளோடு அனுப்புவதாகச் சொன்னால், சேர்ந்து ஆறு மாதம் ஆன ஆளோடு போக விரும்புவதாகச் சொல். வாய் சொல்லாததை அந்த ஒரு நாள் காட்டிவிடும்.

கருங்கல் பிசிக்ஸ்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. போய்க் கேட்டேன், ஒரு நாள் ஏரியாவுக்கும் போய் வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

மேனேஜர் கோபப்படவில்லை. முதலில் கொஞ்சம் சிரித்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். டீமில் ஐந்து இடம். போன வருடம் இதே நேரத்தில் இருந்த ஐவரில் இன்று இருப்பவர்கள் இருவர். மற்ற மூன்று இடங்களில் இந்த ஒரு வருடத்தில் ஏழு பேர் வந்து போயிருக்கிறார்கள். நான் உட்காரப் போகும் இடத்தில் கடைசியாக இருந்தவர் ஐந்து மாதம் இருந்தார். எங்கே போனார் என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. போன காலாண்டில் எட்டை முழுதாகத் தொட்டவர்கள் அந்தப் பழைய இருவர் மட்டுமே. எஞ்சியவர்கள் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்.

லீட் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அலுவலகத்துக்கு நேரில் வருகிறவர்கள், ஏற்கெனவே போட்டவர்கள் சொல்லி அனுப்புகிறவர்கள், வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர்கள் மூலம் வருகிறவர்கள் எல்லாம் அந்த இருவருக்குத்தான் போகும். புதியவர்களுக்கு விளம்பர நம்பர் மட்டும், மாதம் ஐம்பது வரை. ஆகவே "கம்பெனி லீட் தரும்" என்றதும் பொய் இல்லை, "டார்கெட் அடிக்கிறார்கள்" என்றதும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றியது இல்லை.

ஏரியாவுக்கு, சேர்ந்து ஏழு மாதமான ஒரு அண்ணனோடு போனேன். அன்று போன் செய்த நம்பர்களில் நேரில் பார்க்க முடிந்தது நான்கு. குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பில் நன்றாக வருகிறது, பணமும் இருக்கிறது, மகன் குவைத்தில் இருக்கிறார். மாடிக்கு ஏறினோம். கிழக்கே இரண்டு பலா மரங்கள், மேற்கே பக்கத்துக்காரரின் ரப்பர். காலை பத்து மணிக்கே பாதி மாடி நிழலில் இருந்தது. அந்த அண்ணன் சுவர் ஓரமாக நடந்து நிழல் எங்கே முடிகிறது என்று செங்கல் துண்டால் கோடு போட்டார். கீழே வந்து மீட்டரைப் படம் எடுத்தபோது இணைப்பு அந்த அம்மாவின் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்க இணைப்பு உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்க வேண்டும், அதனால் முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். அந்த அம்மா "மகன் லீவில் வரட்டும் மக்களே" என்று டீ கொடுத்து அனுப்பினார். அந்த அண்ணன் வண்டியில் ஏறியதும், இந்த மாதம் இப்படி நான்காவது வீடு என்றார். அவர் அந்த மாதம் முடித்திருந்தது மூன்று.

வரும் வழியில் அவரிடம் நேராகவே கேட்டேன், அந்த மூன்றும் எப்படி வந்தன என்று. ஒன்று விளம்பர நம்பர், ஒன்று அவருடைய மச்சான், ஒன்று அவருடைய சபையில் உள்ளவர் என்றார்.

பார்வதிபுரம் அண்ணாச்சி

நன்றாகக் கேட்டிருக்கிறாய். இப்போது கணக்கு உன் கையில் இருக்கிறது. ஐம்பது நம்பருக்கு ஒன்று அல்லது இரண்டு வீடு. இன்சென்டிவுக்கு ஆறு. இடைவெளி நாலு அல்லது ஐந்து. இதை அப்படியே மேனேஜரிடம் வைத்துவிட்டு, "முதல் ஆறு மாதத்துக்கு டார்கெட் மூன்று, இரண்டு முடித்தாலே வீட்டுக்கு 2,000" என்று கேட்டுப் பார். இல்லையென்றால் நேரில் வருகிறவர்களில் விளவங்கோடு பக்கத்தவர்களை உனக்கு எழுதித் தரச் சொல். இரண்டில் ஒன்று கிடைத்தால் சேரலாம் என்பது என் கருத்து. விண்ணப்பம், நெட் மீட்டர், கடன் காகிதம் எல்லாம் கற்றுக்கொண்டால் அந்தத் தொழில் கையில் இருக்கும்.

திங்கள்சந்தை தோழி

அண்ணாச்சியோடு எனக்கு இதில் ஒத்துப்போகவில்லை. மூன்று இடங்களில் ஒரு வருடத்தில் ஏழு பேர். அதைப் பார்த்த பிறகும் ஒரு பெண்பிள்ளையைப் போகச் சொல்கிறீர்கள். நல்ல நம்பர் எல்லாம் இரண்டு பேருக்குப் போகும் வரை டார்கெட்டைக் குறைத்தாலும் மூச்சு முட்டத்தான் செய்யும். குறைத்த டார்கெட்டை மூன்று மாதம் கழித்து ஏற்ற மாட்டார்கள் என்று யார் சொன்னது?

கருங்கல் பிசிக்ஸ்

கேட்டேன் அண்ணாச்சி. முதல் மூன்று மாதம் நான்கு என்று குறைக்கிறேன் என்றார், அதில் மூன்று முடித்தால் இன்சென்டிவ். நேரில் வருகிறவர்களைத் தர மறுத்துவிட்டார். குறைத்த டார்கெட்டை லெட்டரில் எழுதித் தரக் கேட்டால் "ஹெச்ஆர் ஒரே மாதிரி லெட்டர்தான் தருவார்கள், என் வார்த்தையை நம்பு" என்கிறார். இன்னொன்றும் சொன்னார்கள், ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு வருடத்துக்கு அலுவலகத்தில் வைக்க வேண்டுமாம்.

மார்த்தாண்டம் டீலர்

சான்றிதழைக் கொடுக்காதே. நானும் முதலாளிதான், சொல்கிறேன். ஒரிஜினலைக் காட்டு, நகலைக் கொடு. ஆட்கள் தாமாக நிற்கும் இடத்தில் சான்றிதழைப் பிடித்து வைக்க வேண்டிய அவசியமே வராது. டார்கெட்டை லெட்டரில் போட முடியாவிட்டால், மேனேஜர் தன் அலுவலக மெயிலில் இரண்டு வரி அனுப்பலாமே. அதற்கு ஹெச்ஆர் தேவையில்லை.

கருங்கல் பிசிக்ஸ்

மெயில் கேட்டிருக்கிறேன், நாளை மாலை வரை பார்க்கிறேன். நகல் மட்டும்தான் தருவேன் என்றும் சொல்லிவிட்டேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அன்று போன அந்த நாலு வீட்டுக்கும் சேர்த்து வண்டி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடியது. தினமும் இப்படியென்றால் 3,000 போதுமா?

குழித்துறை மெடிக்கல் ரெப்

போதாது தங்கச்சி. 25 நாளுக்கு 2,250 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தாலும் 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல், ஆக 5,000 தாண்டும். மீதி உன் சம்பளத்திலிருந்துதான் போகும், அதாவது கையில் 16,000 இல்லை, 14,000க்குப் பக்கம். ஆயில், டயர் தனி. கிலோமீட்டர் கணக்கில் தருவார்களா என்று அதே மெயிலில் கேட்டுவிடு.

கருங்கல் பிசிக்ஸ்

கேட்கிறேன் அண்ணா. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.